தொண்ணூறில் சந்தித்த மூன்று கோடுகள்

பத்தாம் வகுப்போடு நின்றவன் பங்குச் சந்தையைப் பற்றி எழுதுவது அதிகம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருந்து பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். முதலாளி முஸ்லிம்; அண்ணன் என்பதற்கு அவர்கள் சொல்லும் நானா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குக் கண்ணில் புரை. அதனால் போனில் விலைப்படத்தின் மேல் கோடு இழுப்பது என் வேலையாகிவிட்டது. தீபாவளிச் சரக்கு எடுக்க வைத்திருந்த பணத்தில் பாதியைப் போட்டு ஒரு பங்கைத் தொண்ணூற்றாறுக்கு வாங்கியிருந்தார். அது தொண்ணூற்றொன்றுக்கு இறங்கிவிட்டது. மீதியையும் போடலாமா என்பதுதான் அன்றைய பேச்சு. வெளியே மழை. கடையில் ஆளில்லை.

விலை இறங்கினால் எங்கே நிற்கும் என்று பார்க்க முதலில் பிவட்டைப் போட்டேன். போன வாரத்து உச்ச விலை, அடிவிலை, முடிவு விலை மூன்றையும் கூட்டி மூன்றால் வகுப்பது. தொண்ணூறும் சொச்சமும் வந்தது.

"மூவிங் அவரேஜ்?"

"அம்பது நாள் சராசரி எண்பத்தாறு காட்டுது, நானா."

"முப்பது நாளுக்கு மாத்துங்க தம்பி."

மாற்றினேன். தொண்ணூறு.

அடுத்தது ரிட்ரேஸ்மென்ட், ஏறின விலை எவ்வளவு திரும்பி இறங்கும் என்கிற கணக்கு. பங்கு ஏறியது எழுபத்தாறிலிருந்து நூறுக்கு. அதில் பாதி இறங்கினால் எண்பத்தெட்டு. நானா தலையை ஆட்டினார். "அடியிலயிருந்து வேணாம். அதுக்குப் பொறகு எண்பதுல ஒரு சின்னப் பள்ளம் ஈக்குதே, அங்க வைங்க."

வைத்தேன். அதுவும் தொண்ணூறு.

"பாத்தீங்களா? மூணும் ஒரே இடத்துல. இதுக்குக் கீழ போகாது."

எனக்கு அசதியாக இருந்தது. பேசுவதற்கே கூச்சப்படுகிறவன். அன்றைக்கு என்னமோ வாய் வந்துவிட்டது.

"நானா, ரெண்டை நாங்கதானே நகர்த்தி வச்சோம். இதே மாதிரிதான் தொண்ணூத்தாறுல வாங்கும்போதும் மூணு கோடு சேர்ந்துச்சு. மூணுமே பழைய விலையிலயிருந்து போட்ட கணக்குதான். ஒரே ரோல் துணியை மூணு இடத்துல வெட்டிக் காட்டி மூணு கம்பெனின்னு சொல்ற மாதிரி இருக்கு."

நானா சிரித்தார். "யாவாரம் படிப்பிக்க வந்துட்டீங்களா? அப்ப நீங்க கல்லாவுல உக்காருங்க, நான் சேலை மடிக்கிறேன்."

"கோடு இழுக்குறதுக்கு முந்தியே வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. அதைத்தான் சொல்றேன்."

அவர் கொஞ்ச நேரம் போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார். அந்தக் கண்ணுக்கு எவ்வளவு தெரிந்ததோ. "இந்த நட்டத்தோட வித்தா வீட்டுல என்ன சொல்றது?" என்றார் மெதுவாக.

மீதிப் பணத்துக்கும் தொண்ணூறில் வாங்கச் சொல்லி ஆர்டர் போட்டார். நான்தான் அழுத்தினேன்.

மறுநாள் காலையிலேயே தொண்ணூறுக்குக் கிடைத்தது. பிற்பகல் சந்தை மூடும்போது விலை எண்பத்தேழு. சரக்கு எடுக்கக் கொழும்புக்குப் போவதாக இருந்தோம், போகவில்லை.