றூபினியின் ஊதா வரிகள்

லண்டன், செவன் கிங்ஸில் என் பார்லருக்கு முப்பது வயது ஆகப்போகிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட இந்தச் செல்வமலர் அதைத் தனியாகத் தொடங்கினாள் என்று சொன்னால் இன்றைக்கும் சிலர் நம்புவதில்லை. நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். சவுத்தாலில் ஒரு குஜராத்திப் பெண்ணிடம் நூலால் புருவம் எடுக்கப் பழகினேன். வாக்ஸ் நானே பழகினேன், என் கையிலேயே. இன்றைக்கு மூன்று கதிரை, பின்பக்கம் திரை போட்ட ஒரு அறை, அதற்குள் ஒரு கட்டில். அந்தக் கட்டிலில் படுத்து எழும்பாத தமிழ்ப் பெண் இந்தப் பக்கத்தில் குறைவு.

ஆனால் இது என்னைப் பற்றின எழுத்து அல்ல. றூபினியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். நான் குறுக்கே வந்துவிட்டேன், அது என் பழக்கம்.

றூபினிக்கு முப்பத்தைந்து வயது. சூப்பர்மார்க்கட்டில் பாணும் பணிஸும் சுடுகிற பகுதியில் வேலை. புருஷன் றொனால்ட் பஸ் ஓட்டுகிறான். ஆறு வயதில் ஒரு மகள். அந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் அதற்குப் பிறகு கொரோனாவில் ஊரே பூட்டிக் கிடந்த காலத்திலும் றூபினி இருபத்தைந்து கிலோ ஏறினாள். பிறகு ஒருநாள் மகளை நீச்சல் தடாகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவள், தானும் தண்ணீரில் இறங்கினாள். பெண்களுக்கு மட்டும் என்று ஞாயிறு காலையில் ஒரு மணித்தியாலம் விடுவார்கள். தண்ணீருக்குப் பயந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள், ஒன்றரை வருடத்தில் அந்த மணித்தியாலத்தில் மற்றப் பெண்களுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். இருபது கிலோவும் இறங்கியது.

நிறை இறங்கினதும் வரிகள் வெளியே தெரிந்தன. தொடையின் உள்பக்கமும் அடிவயிறும் முழுக்கக் கோடு கோடாக. றொனால்ட் அதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, என்ர பஸ்ஸின்ர ரூட் மப் மாதிரிக் கிடக்கு" என்று பகிடி விட்டானாம். மூன்று நாள் அவனே சமைத்துச் சாப்பிட்டான்.

அப்போதுதான் அவள் என்னிடம் கேட்டாள். "அன்ரி, இதுக்கு ஏதாவது இருக்கோ?"

என்னிடம் இல்லாத மருந்தா! சின்ன வெள்ளைக் குப்பி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஊரிலிருந்து வருகிறவர்கள் சூட்கேஸில் கொண்டுவந்து தருகிற ரியூப் கிறீம்தான் உள்ளே. பெட்டியில் ரோசாப்பூப் படம். அதைப் பிதுக்கிக் குப்பியில் போட்டு, என் பெயர் ஒட்டி வைத்திருந்தேன். கறுத்த முழங்கால், கறுத்த கக்கம் எல்லாம் அதில் வெளுத்ததை என் கண்ணால் பார்த்தவள் நான். கறுப்பை எடுக்கிற மருந்து வரியையும் எடுக்கும் என்று நானே முடிவு கட்டினேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமும் இல்லை.

முதல் மாதம் நல்லாய்த்தான் இருந்தது. வரியில் இருந்த அரிப்பு நின்றது, நிறம் மங்கியது. "அன்ரி, நீங்கள் டொக்டராய் வந்திருக்க வேணும்" என்றாள். எனக்குத் தலை கூரையில் இடித்தது. இரவில் பூசி, அதன் மேல் இறுக்கமான லெகிங்ஸ் போட்டுக்கொண்டு படு, நல்லாய் ஊறும் என்றும் சொல்லிவிட்டேன்.

ஏழு மாதம் போனது. போன மார்கழியில் வாக்ஸுக்கு வந்தவள் கட்டிலில் படுக்கவே யோசித்தாள்.

"என்ன பிள்ளை, புதுப் பொம்பிளை மாதிரி வெக்கப்படுறாய்?"

"சிரிக்காதேங்கோ. பாருங்கோ."

பார்த்தேன். பழைய வெளிறின கோடுகளுக்குப் பக்கத்தில் புதிதாக விரல் அகலத்தில் ஊதா வரிகள். தோல் ரிஸ்யூப் பேப்பர் மாதிரி மெலிந்து நரம்பு தெரிந்தது. அடிபடாமலே நீலம் பாரித்த இடம் இரண்டு. முப்பது வருடத்தில் அப்படி ஒரு தொடையை நான் கண்டதில்லை. வாக்ஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"நீச்சலுக்குப் போறேல்லை அன்ரி. போன கிழமை ஒரு மனுசி உடுப்பு மாத்திற இடத்தில, இது தொத்துமோ எண்டு கேட்டவ. மூண்டு கிழமையில எனக்கு நீச்சல் ரீச்சராகிற சோதனை. அண்டைக்கு சுவிம் சூட்டோட கரையில நிண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லிக் குடுக்க வேணும். என்னால ஏலாது. வரேல்லை எண்டு எழுதிப் போடப்போறன்."

"கிறீமை இன்னும் கூட்டிப் பூசிப் பாத்தனியோ?" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதுக்கே அது கேட்டது.

"ரெண்டு தரம் பூசுறன். பூசப் பூசக் கூடுது."

அடுத்தநாள் காலை எட்டு மணிக்கு அவளும் நானும் இரண்டு ஃபோனில் ஜிபிக்கு, குடும்ப டொக்டரின் இடத்துக்கு, அடித்தோம். லைனில் எனக்கு முன்னால் பதினெட்டுப் பேர், அவளுக்கு முன்னால் இருபத்தொரு பேர். நான்தான் முதலில் பிடித்தேன், இந்த விஷயத்தில் என்னை யாரும் வெல்ல முடியாது. அன்றே இடம் கிடைத்தது. நானும் கூடப் போனேன்.

டொக்டர் மாதங்கி மதுரைப் பக்கத்துப் பெண், நாற்பது வயது இருக்கும். திரைக்குள் றூபினியைப் பார்த்துவிட்டு வந்து முதல் கேள்வியாகக் கேட்டார். "என்ன பூசுறீங்க?"

றூபினி குப்பியை மேசையில் வைத்தாள். என் பெயர் டொக்டரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"இதுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

றூபினி என்னைப் பார்க்கவில்லை. கடையில வாங்கினது என்று மட்டும் சொன்னாள். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். இந்த நகரத்தில் வீடு துடைத்து, பாத்திரம் கழுவி, ஒருவரிடமும் தலை குனியாமல் எழும்பினவள் நான். அந்த ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பெயர் தப்பியிருக்கும். ஆனால் அவளுக்கு என்ன மருந்து போனது என்று டொக்டருக்குத் தெரிந்திருக்காது.

ஹாண்ட்பாக்கைத் திறந்து ரோசாப்பூ ரியூப்பை எடுத்து வைத்தேன். "நான் குடுத்தது டொக்டர். பிழை என்ர."

டொக்டர் பொடி எழுத்தைப் படித்தார். "ஸ்டீராய்டு. அதுவும் ரொம்ப வீரியமானது. டாக்டர் சீட்டு இல்லாம இங்க விக்கவே கூடாது."

பிறகு அவர் சொன்னதை என் மண்டையில் ஏறின மாதிரியே எழுதுகிறேன். தோலில் மேலே ஒரு அடுக்கு, நடுவில் ஒரு அடுக்கு. நடு அடுக்கில் நூல் மாதிரியும் றப்பர் மாதிரியும் நார்கள் பின்னிக் கிடக்கும். உடம்பு கெதியாக, மளமளவென்று பெருக்கும்போது, வயதுக்கு வருகிற நேரம், பிள்ளை வயிற்றில், நிறை கூடும்போது, அந்த நார் அறுகிறது. உடம்பில் சுரக்கிற சில ஹோர்மோன் நீரும் நாரை இளக்கிவிடுகிறது. அறுந்த இடம் ஆறி வருகிற தழும்புதான் வரி. வரி வந்தது நிறை ஏறினபோது. இறங்கின பிறகு தோல் தளர, கண்ணுக்கு நல்லாய்த் தெரிந்தது. அவ்வளவுதான். என் கிறீம் என்ன செய்தது? அந்த நாரையே இன்னும் மெலிய வைத்தது. மேலே இறுக்கமான லெகிங்ஸ் போட்டதால் மருந்து இரட்டிப்பாக உள்ளே போனது.

"தொத்துமோ?" என்றாள் றூபினி.

"தழும்பு எப்படிங்க தொத்தும்?"

"போகுமோ?"

"முழுசா போகாது. பொய் சொல்ல மாட்டேன். ஊதா நிறம் மாசக்கணக்குல மங்கி, தோல் நிறத்தை விட வெளிறிப் போகும். அப்புறம் சட்டுன்னு கண்ணுக்குப் படாது."

நான் விடவில்லை. "பாதாம் எண்ணெய், கொக்கோ பட்டர், விற்றமின் ஈ?"

"தோல் காயாம இருக்கும், அரிப்பு அடங்கும். வரியை அழிக்கும்னு யாரும் நிரூபிக்கலை. புது வரிக்கு ரெட்டினாய்டு கிரீம் கொஞ்சம் உதவும், அதுவும் டாக்டர் சொன்னா மட்டும், கர்ப்பமா இருக்கிறவங்க தொடவே கூடாது. இவங்க தோல் இப்போ அதைத் தாங்காது. லேசர், ஊசியால் குத்துற சிகிச்சை எல்லாம் மங்க வைக்கும், அழிக்காது. என்.எச்.எஸ். அரசு ஆஸ்பத்திரில பொதுவா கிடைக்காது. நம்ம நிறத்துக்கு லேசர் கவனமா செய்யலைன்னா கறுப்பா திட்டுத் திட்டா ஆயிடும்."

ரத்தம் எடுத்தார்கள். இவ்வளவு நாள் ஸ்டீராய்டு போனால் உடம்பு தானாகச் சுரக்கிற ஸ்டீராய்டும் குறைந்துவிடலாமாம். ஒரேயடியாக நிறுத்தாமல், அவர் எழுதிக் கொடுத்த வீரியம் குறைந்த மருந்தால் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். ரத்த முடிவு வரும்வரை இரண்டு நாள் நான் சாப்பிட்டது தேத்தண்ணியும் பிஸ்கட்டும்தான். ரத்தம் நல்லாய் இருக்கிறது என்று ஃபோன் வந்தபோது பார்லரில் ஒரு மனுசியின் புருவம் பாதியில் நின்றது.

பிறகு அந்தக் குப்பி வாங்கின வாடிக்கைக்காரருக்கு ஒவ்வொருவராக ஃபோன் அடித்தேன். நாற்பத்தொரு பேர். "நான் தந்த கிறீம் கூடாது. நானே பிழை விட்டனான். சட்டெண்டு நிப்பாட்டாமல் ஜிபியிட்டக் காட்டுங்கோ" என்று ஒரே வசனம். இரண்டு பேர் ஏசினார்கள். ஒருத்தி இன்னும் இரண்டு குப்பி இருக்கோ என்று கேட்டாள், அவளுக்கு நான் ஏசினேன். மிச்ச ரியூப்பை எல்லாம் பார்மசியில் கொண்டுபோய் ஒப்படைத்தேன்.

ஆனால் றூபினியின் சோதனை? அதற்கு ஆறு நாள்தான் இருந்தது. பார்லருக்கு வந்து பின்னறைக் கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"பிள்ளை, இந்தத் திரைக்குப் பின்னால நான் எத்தனை ஆயிரம் தொடை பாத்திருப்பன்? கலியாணப் பொம்பிளை, டொக்டர், வக்கீல், ஜிம்முக்குப் போறவள். வரி இல்லாத தொடையை என்ர ஒரு கை விரலால எண்ணிப் போடுவன்."

"அப்ப ஏன் அன்ரி குப்பி வித்தனீங்கள்?"

அறைந்த மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னேன். "ஒருத்தியும் மற்றவளின்ர தொடையைப் பாக்கேல்லை. எல்லாரும் தனக்கு மட்டும்தான் எண்டு நினைச்சினம். நானும் அதைச் சொல்லேல்லை. சொன்னால் ஆர் குப்பி வாங்குவினம்?"

றூபினி கட்டிலை விட்டு எழும்பினாள். பிறகு என் வயிற்றைப் பார்த்தாள். "உங்களுக்கும் இருக்கோ?"

"மூண்டு பிள்ளை பெத்தனான். நிலவு மாதிரி வெள்ளை வெளேரெண்டு இருக்கு."

"அப்ப நீங்களும் வாங்கோ. சோதனைக்குப் படிப்பிக்கிறதுக்கு நீச்சல் தெரியாத ஆக்கள் வேணும். நீங்கள் சுவிம் சூட்டோட தண்ணிக்குள்ள நிண்டால், நான் கரையில நிப்பன்."

அறுபத்தேழு வயதில் நான் சுவிம் சூட் வாங்கினேன். நீலம், பூப் போட்டது, நல்ல எடுப்பாய் இருந்தேன்.

அந்த ஞாயிறு அவள் கரையில் நின்றாள். தொடையில் ஊதா வரி அப்படியே இருந்தது, ஒன்றும் மறைக்கவில்லை. சோதனை எடுக்க வந்த வெள்ளைக்காரி கையில் தாளோடு பக்கத்தில் நின்றாள். தண்ணீரில் நாங்கள் ஆறு பேர். தொத்துமோ என்று கேட்ட மனுசியும் அதில் ஒருத்தி. அவளுடைய தொடையிலும் நான் எண்ணினேன், வலப்பக்கம் மட்டும் ஒன்பது.

"செல்வமலர் அன்ரி, சுவரை விடுங்கோ!" என்று றூபினி மேலே நின்று கத்தினாள்.

"விடமாட்டன்!"

"நாற்பத்தொரு பேருக்கு ஃபோன் அடிச்ச வீராங்கனை, சுவரை விடப் பயமோ?"

எல்லாரும் சிரித்தார்கள், சோதனைக்காரிக்கு மட்டும் விளங்கவில்லை. நான் விட்டேன். மூன்று பாகம், அதாவது மூன்று ஆள் நீளம், மிதந்திருப்பேன். றூபினி பிறகு ஒன்றரைப் பாகம் என்றாள். அவள் ரீச்சர், அவள் சொல்லட்டும்.

பாஸ் ஆகிவிட்டாள். இப்போது வைகாசி. ஊதா மங்கி மண்ணிறத்துக்கு வந்திருக்கிறது, நீலம் பாரிப்பது நின்றுவிட்டது. பூசுவது மணமில்லாத சாதாரண கிறீம், காயாமல் இருக்க. ஞாயிறு வகுப்பில் பதினாலு பேர், அதில் ஒன்பது பேர் என் பார்லரிலிருந்து போனவர்கள். குப்பி இருந்த தட்டில் இப்போது அவளுடைய வகுப்பு நேரம் எழுதின அட்டை நிற்கிறது. எழுத்து என்னுடையது. அழகாய்த்தான் இருக்கிறது.