பச்சை எரிந்தால் போதும்

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் பச்சை சார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. முப்பத்தோரு வருடமாக அதே கட்டடம், அதே கணினி அறை. சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. பேனாவை யாருக்கும் இரவல் தர மாட்டார். சாப்பாட்டு டப்பாவைச் சுவரைப் பார்த்துத் திறந்து, சுவரைப் பார்த்தே மூடுவார். சின்ன விஷயங்களில் தப்பே செய்யாத மனிதர்களுக்கு ஒரு திமிர் வந்துவிடும். அது அவருக்கும் இருந்தது. கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதுதான் இந்தக் கதையில் எனக்கு ஆத்திரமே.

பச்சை என்ற பெயர் வந்தது அவர் எழுதிய ஒரு சின்ன நிரலால். ஒவ்வொரு நோயாளிக்கும் ஆஸ்பத்திரி ஏழு இலக்க எண் ஒன்று தரும். முதல் ஆறும் வரிசை எண். ஏழாவது, அந்த ஆறையும் வைத்துக் கணக்குப் போட்டு ஒட்டுகிற காவல் இலக்கம். பரிசோதனைக்கூடத்தில் சீட்டைப் பார்த்து எண்ணைத் தட்டினால், திரையில் மூன்றில் ஒரு விளக்கு எரியும். ஏழு இலக்கம் இல்லாவிட்டாலோ, நடுவில் ஒரு புள்ளி விழுந்துவிட்டாலோ மஞ்சள்: வடிவமே பிழை, இது எண்ணே இல்லை, மறுபடி தட்டு. வடிவம் சரியாக இருந்து கணக்கு இடித்தால் சிவப்பு: செல்லாது, எங்கோ ஓர் இலக்கம் மாறியிருக்கிறது, சீட்டைப் பார். கணக்கும் ஒத்துப்போனால் பச்சை: செல்லும்.

மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக்கிவிடலாமே என்று மேலே இருந்தவர்கள் சொன்னபோது அவர் விடவில்லை. "ரெண்டும் வேற வேற வியாதி சார், ஒரே மாத்திரை குடுக்க முடியாது" என்று பெரிய டாக்டரிடமே சொன்னார். பெரிய டாக்டர் சிரித்துவிட்டார். முதல் மாதத்தில் மட்டும் இருநூற்றுப் பதினோரு சிவப்பு. அத்தனையும் தப்பான கோப்புக்குப் போயிருக்க வேண்டிய ரிப்போர்ட். ஆண்டு விழாவில் மேடையேற்றிக் கைதட்டினார்கள். அவர் வாழ்நாளில் வாங்கிய ஒரே கைதட்டல் அதுதான்.

அந்தக் கைதட்டல் தலைக்கேறியது. அதுவரை பரிசோதனைக்கூடத்தில் பதிவுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி எண்ணைத் தட்டுவாள். திரையில் வருகிற பெயரை அவள் உரக்கப் படிக்க, இன்னொருத்தி சீட்டில் இருக்கிற பெயரோடு ஒத்துப் பார்த்து "ஆமா" என்பாள். படிக்கிறவளின் குரல் நடைபாதை முழுக்கக் கேட்கும். அவளுக்கு ரேடியோ என்று பெயரே வைத்துவிட்டார்கள். பச்சை சார் ஒரு வாரம் கைக்கடிகாரத்தோடு நின்று பார்த்தார். பெயர் படிக்கிறதில் ஒரு சீட்டுக்கு நாலு விநாடி வீண் என்று எழுதிக் கொடுத்தார். பச்சை எரிந்தால் போதும், பெயர் எதற்கு? அடுத்த மாதமே இரண்டாமவளை மருந்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். திரையிலிருந்து பெயர் வரியை அவரே எடுத்துவிட்டார்.

ரேடியோ அன்றைக்கே கேட்டாள். "சார், நம்பர் மட்டும் பாத்தா ஆளு யாருன்னே தெரிய மாட்டேங்குதே சார். மனசு ஒப்பல."

"மனசெல்லாம் எதுக்கும்மா? பச்சை எரிஞ்சா கண்ண மூடிட்டு அனுப்புங்க. நான் பொறுப்பு."

நான் பொறுப்பு என்று சொல்லக் காசா பணமா? ஒன்பது வருடம் அப்படியே ஓடியது. ரேடியோ தனியாக ஒரு நாளைக்கு நானூறு சீட்டு தட்டினாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, படுக்கையில் கிடந்த மாமியாரும் படிக்கிற இரண்டு பெண் பிள்ளைகளும் அந்த நாற்காலியை நம்பித்தான் இருந்தார்கள்.

பிறகு அந்தத் தையல்கார அம்மா வந்தாள். கழுத்தில் ஒரு கட்டி. சதை எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து வந்து கேட்டாள். ரிப்போர்ட் வரவில்லை என்றார்கள். மூன்று வாரம் கழித்து வந்தாள், வரவில்லை. மூன்றாம் தடவை கவுன்டர்காரர், "ஏதாவது இருந்தா நாங்களே கூப்பிடுவோம்மா, கூப்பிடலன்னா நல்ல சேதின்னு வச்சுக்கோங்க" என்று சொல்லி அனுப்பினார். அவளும் நல்ல சேதி என்றே வைத்துக்கொண்டு, பள்ளிச் சீருடை தைக்கப் போய்விட்டாள்.

பதினோரு வாரம் கழித்து, மூட்டு வலிக்கு வந்த ஒரு கடிகார ரிப்பேர்காரரிடம் டாக்டர் கோப்பைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்களுக்குக் கழுத்துல புத்துநோய்னு ரிப்போர்ட் இருக்கே, ஏன் இத்தன நாளா வரல?" அந்த மனிதர் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "என் கழுத்துல யாரும் கையே வைக்கலியே டாக்டர்."

தையல்காரம்மாவின் எண் 7092539. கடிகாரக்காரரின் எண் 7902539. சீட்டில் 709 என்று இருந்ததை ரேடியோ 790 என்று தட்டியிருந்தாள். பச்சை எரிந்தது. அனுப்பினாள்.

தையல்காரம்மாவை ஆள் விட்டு அழைத்து வந்தார்கள். கட்டி அதற்குள் மார்புக்கு இறங்கியிருந்தது. சிகிச்சை ஆரம்பித்தார்கள்; ஆனால் எந்த டாக்டரும் அவள் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

சேதி வந்த அன்றே பச்சை சார் கதவைச் சாத்திக்கொண்டு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். போடாமலே தெரியும், இருந்தாலும் போட்டார். வலது பக்கத்திலிருந்து வர வேண்டும். கடைசி இலக்கத்தை அப்படியே விட்டு, அதற்கு அடுத்ததிலிருந்து ஒன்று விட்டு ஒன்றை இரட்டிக்க வேண்டும். இரட்டித்தது ஒன்பதைத் தாண்டினால் அதன் இரண்டு இலக்கங்களையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மொத்தம் பத்தால் மீதியின்றி வகுபட்டால் செல்லும். 7092539-க்கு 9, 6, 5, 4, 9, 0, 7. நாற்பது. பச்சை. 7902539-க்கு 9, 6, 5, 4, 0, பிறகு ஒன்பதை இரட்டித்தால் பதினெட்டு, ஒன்றும் எட்டும் ஒன்பது, கடைசியில் 7. அதுவும் நாற்பது. பச்சை.

இரண்டையும் ஐந்தையும் மாற்றி 7095239 என்று தட்டியிருந்தால் கூட்டல் முப்பத்துநான்கு வந்து சிவப்பு கத்தியிருக்கும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் எது இடம் மாறினாலும் இந்த விதி பிடித்துவிடும், ஒரே ஒரு ஜோடியைத் தவிர. பூஜ்ஜியத்தை இரட்டித்தாலும் பூஜ்ஜியம், ஒன்பதை இரட்டித்துக் கூட்டினாலும் ஒன்பது. அவை இரண்டும் இடம் மாறிக்கொண்டால் கூட்டல் அசையாது.

இது அவருக்குத் தெரியாமல் இல்லை. விதியைத் தேர்ந்தெடுத்த நாளிலேயே தெரியும். பதினொன்றால் வகுக்கிற இன்னொரு விதி இருந்தது, அது இந்த ஜோடியையும் பிடிக்கும். ஆனால் அதில் சில எண்களுக்குக் காவல் இலக்கம் பத்து என்று வரும், அந்த இடத்தில் ஓர் எழுத்தைப் போட வேண்டும். பதிவு மேசைகளில் இருந்ததோ எண்கள் மட்டும் உள்ள விசைப்பலகை. அந்த எண்களை யாருக்கும் கொடுக்காமல் தாண்டிவிட்டிருக்கலாம். அதற்கு இன்னும் ஒரு வார வேலை. அபூர்வமாகத்தானே வரும் என்று விட்டார். அப்போது பெயர் படிக்க ரேடியோ இருந்தாள், ஓட்டையை அவள் குரல் அடைத்துக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் குரலையும் அவரே நிறுத்தினார்.

வீட்டில் மனைவியிடம் பாதி சொன்னார். அவள் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவள், பாதி கேட்டால் மீதி தெரிந்துவிடும்.

"நம்பர் சரியா இருந்தா ஆளும் சரின்னு யாருங்க சொன்னது? நாங்க தினமும் பாக்குறோமே. நம்பரெல்லாம் ஒழுங்கா இருக்கும், வீடு வேற தெருவுல இருக்கும்."

"நான் அப்படிச் சொல்லல. எண் செல்லுமான்னுதான் அது சொல்லும்."

"அத அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?"

அவர் தட்டிலேயே கை கழுவினார்.

விசாரணை ஒரு புதன்கிழமை காலை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் ரேடியோ, ஓரத்தில் பச்சை சார். ரேடியோ ஒரே ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "பச்சை எரிஞ்சுது சார். சத்தியமா எரிஞ்சுது."

பெரிய டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "புரோகிராம்ல ஏதாவது கோளாறா?"

"கோளாறு இல்ல சார். விதிப்படி ரெண்டு நம்பருமே செல்லும்."

"அப்ப தட்டினதுலதான் தப்பு."

அந்த இடத்தில் அவர் வாயில் ஒரு பதில் தயாராக இருந்தது. பெயரை எடுத்தது நான். இந்த ஓட்டை எனக்கு முதலிலேயே தெரியும். இரண்டே வரி. ஓய்வுக்குப் பதினாலு மாதம். அந்த ஒரே கைதட்டல். ரேடியோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், நம்பிக்கையோடு பார்த்தாள், அதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் தண்ணீர் குடித்தார். மேசைக்கு அந்தப் பக்கம் பேனா ஓட ஆரம்பித்தது.

எழுத்தில் ஓர் அறிக்கை கேட்டார்கள், கொடுத்தார். அந்த வாரமே திரையில் பெயர் வரியைத் திரும்ப வைத்தார். சுற்றறிக்கையில் அதற்கு 'கூடுதல் வசதி' என்று பெயர். நல்ல யோசனை என்று இரண்டு பேர் அவரைப் பாராட்டவும் செய்தார்கள். மானங்கெட்ட பாராட்டு, அதையும் வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரேடியோ அவர் அறைக்கு வந்தாள். வேலை போய்விட்டது. வெளியேறும் படிவத்தில் கணினி அறை கையெழுத்து வேண்டும். அவர் அறிக்கையின் நகலைப் படித்ததாக அவளும் கையெழுத்துப் போட வேண்டும். நின்றபடியே படித்தாள். இத்தனை வருடம் ஊருக்கே கேட்க வாசித்தவள், உதடுகூட அசையாமல் படித்தாள். ஒன்றரைப் பக்கம். நிரல் வடிவமைத்தபடியே இயங்கியது. உள்ளிடப்பட்ட எண் விதிப்படி செல்லும். சீட்டில் இருந்த எண் வேறு. உள்ளிட்டவர் பதிவு எழுத்தர்.

"உட்காருங்கம்மா" என்றார்.

அவள் உட்காரவில்லை. முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"இதுல ஒரு பொய்கூட இல்ல சார்" என்றாள். "நான் எங்க கையெழுத்துப் போடணும்?"

அவர் விரலை வைத்துக் காட்டினார்.