அரிசிக்கு இல்லாத வரி

விழாக்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் அண்ணாவின் கேற்றரிங் தொழிலுக்கு ஆறு வருடம் தங்கச்சி நான்தான் கணக்கு எழுதினேன். பகலில் ஒரு பல் வைத்தியரின் அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமைகளில் ஸ்காபரோவில் அண்ணாவின் சமையல் கூடத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில், வெங்காயம் வதங்கும் மணத்துக்குள் உட்கார்ந்து பில்களைக் கணினியில் பதிவேன். சம்பளம் கேட்டதில்லை. போகும்போது அண்ணி ஒரு பெட்டியில் புரியாணி கட்டித் தருவார்.

வேலை கடினமானதல்ல. ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீட்டு விழாவுக்குச் சாப்பாடு கொடுத்து ஆயிரத்து நூற்று முப்பது டொலர் வாங்கினால் ஆயிரம்தான் எங்கள் விற்பனை. நூற்று முப்பது அறவிட்ட வரி, அது தனிக் கணக்குக்குப் போகும். பெட்டி, காஸ், வான் திருத்தம் என்று நாங்கள் வாங்குவதில் கட்டிய வரி இன்னொரு கணக்குக்கு. மூன்று மாதம் முடிந்ததும் இரண்டையும் பூச்சியமாக்கி, வித்தியாசத்தைச் செலுத்த வேண்டிய வரி என்ற கணக்கில் போடுவேன். அதுதான் அரசுக்குப் போக வேண்டிய தொகை.

அந்தக் கோடையில் அண்ணா இரண்டாவது வான் வாடகைக்கு எடுத்தார். காலாண்டு முடிந்தபோது அறவிட்ட வரி ஏழாயிரத்து எண்ணூறு, கட்டிய வரி ஆயிரத்து நூறு. முன்னதைப் பற்றும் பின்னதை வரவும் வைத்து மூடினேன். செலுத்த வேண்டிய கணக்கின் வரவுப் பக்கத்தில் ஆறாயிரத்து எழுநூறு நின்றது, அரசுக்குக் கட்ட வேண்டிய கடனாக. வங்கியில் அவ்வளவு இல்லை.

அண்ணா அறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"உதென்ன கணக்கு? இவ்வளவு சாமான் வாங்கிறம், கட்டின வரி வெறும் ஆயிரத்து நூறோ?"

"வாங்கிறதில முக்கால்வாசி அரிசியும் மரக்கறியும் இறைச்சியும்தானே அண்ணா. அதுகளுக்கு வரி இல்லை. பில்லைப் பாருங்கோ, ஒரு சதமும் போடேல்லை."

"அப்ப நாங்கள் சமைச்சுக் குடுக்கேக்கை மட்டும் ஏன் வரி?"

"சமைச்ச சாப்பாட்டுக்கு வரி இருக்கு. சனம் அதை எங்களிட்டைத் தருகுது, நாங்கள் கொண்டுபோய்க் கட்டவேணும். அது எங்கட காசில்லை."

அண்ணா கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "எனக்குத் தெரிஞ்ச கடைக்காரர் ஒராள் சாமான் பில் எல்லாத்துக்கும் பதிமூண்டு வீதம் வரி கட்டினதாப் போட்டுத்தான் கழிக்கிறார். நீயும் அப்பிடிப் போடு."

"கட்டாத வரியை எப்பிடித் திருப்பிக் கேக்கிறது அண்ணா? நான் போடமாட்டன்."

"உனக்கு என்ர நிலைமை விளங்காது. மாசச் சம்பளம் எடுக்கிறனி."

அந்த வாரமே அண்ணி போன் எடுத்தார். அண்ணா வேறு ஆளைப் பிடித்திருக்கிறாராம். "குறை நினைக்காதை, உனக்கும் வேலை கூடத்தானே," என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. நான் கணக்குக் கோப்பின் கடவுச்சொல்லை எழுதி அனுப்பினேன். நன்றி என்றுகூட ஒரு பதில் வரவில்லை.

புதியவர் இருபதாயிரம் டொலர் பலசரக்குக்கு இரண்டாயிரத்து அறுநூறு டொலர் வரி கட்டியதாக எழுதி, செலுத்த வேண்டியதை நாலாயிரத்து நூறாக இறக்கிவிட்டார். உறவுக்குள் ஒரு பிறந்தநாள் விழாவில் அண்ணா அதை எல்லோர் முன்னாலும் சொன்னார். "படிச்சவைக்குக் கணக்குத் தெரியும், தொழில் தெரியாது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்து வைத்தேன்.

அடுத்த இரண்டு வருடமும் அப்படியே போனது. பிறகு வரித் திணைக்களம் பில்களைக் கேட்டது. பில்களில் வரி இல்லை. கழித்தது அத்தனையும் கட்டச் சொல்லித் திரும்பி வந்தது, வட்டியோடும் தண்டத்தோடும். புதியவர் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

அண்ணா கணக்குகளைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். மூன்று வார இறுதிகள் உட்கார்ந்து காலாண்டு காலாண்டாகத் திருத்தி எழுதினேன். கட்டிய வரிக் கணக்கிலிருந்து பலசரக்குத் தொகைகளை எடுக்க எடுக்க, செலுத்த வேண்டியது ஏறிக்கொண்டே போனது. அவர் எதிரில் இருந்து தேத்தண்ணி குடித்தார். முடிவில் எழும்பிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"நீ அப்பவே என்னைப் பிடிச்சு நிப்பாட்டியிருக்கவேணும். கூடப் பிறந்தனி எல்லே."

நான் பில்களை அடுக்கிப் பெட்டியில் வைத்தேன். என்ன சொன்னாலும் அதற்கும் அவரிடம் ஒரு பதில் இருந்திருக்கும்.

இரண்டாவது வானைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தொழில் நடக்கிறது, யூனியன்வில்லில் ஒரு அலுவலகம் பணம் வாங்கிக் கணக்கைப் பார்க்கிறது. சொந்தக்காரருக்குள் இப்போது உலவும் கதை, அண்ணாவைத் தங்கச்சி நட்டாற்றில் விட்டுவிட்டாள் என்பது. போன மாதம் அண்ணாவின் மகளின் கல்யாணத்துக்கு எல்லோருக்கும் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் வட்ஸ்அப்பில் அழைப்பு அட்டை வந்தது.