அரக்குப் புடவை, பச்சைக் கரை

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் முப்பது வருஷமாகப் புடவை விரித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வாய் அதிகம் என்று முதலாளி சொல்வார். அந்த வாயை நம்பித்தான் என்னைப் பட்டுப் பிரிவில் உட்கார வைத்தார். "அதே கலரு, அதே மாங்கா, இதுக்கு மட்டும் இன்னா நாலு மடங்கு வெல?" என்று எந்த அம்மா கேட்டாலும் எனக்குக் கொண்டாட்டம். கைத்தறிப் புடவையையும் பவர்லூம் புடவையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, திருப்பிப் போட்டு, பாட்டு மாதிரி ஒப்பிப்பேன். மூன்று நாடா, சிவப்பு நூல், அங்குலத்துக்கு இத்தனை இழை என்று போகும் அந்தப் பாட்டு. கேட்டவர்களில் பாதிப் பேர் கைத்தறி வாங்கிக்கொண்டு போவார்கள். என்னுடைய ஒரே தங்கை அந்தப் பாட்டை மனப்பாடமே செய்திருந்தாள்.

அவள் கல்யாணம் ராயபுரம் மாதா கோயிலில் நடந்தது. காலையில் வெள்ளைப் புடவையில் பூசை, சாயங்காலம் வரவேற்புக்குப் பட்டு. பட்டு அண்ணன்தான் எடுக்க வேண்டும், அவன்தானே கடையில் இருக்கிறான் என்று அப்பா சொல்லிவிட்டார். ஹார்பரில் மூட்டை தூக்கி ஓய்ந்த மனிதர். ஓய்வுக்கு வந்த பணத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து என் கையில் கொடுத்து, "தறிப் புடவையா எடு நைனா. மாப்ள வூட்டு எண்ணூர்க்காரங்க முன்னாடி என் பொண்ணு கொறயா நிக்கக் கூடாது" என்றார்.

நான் பவர்லூம் எடுத்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், இத்தனை வருஷம் வளைத்தது போதும். அரக்கு உடல், பச்சைக் கரை. கைத்தறியை விட அதுதான் பார்க்க நேர்த்தியாக இருந்தது. ஒரு பிசிறு இல்லை, ஒரு நெளிவு இல்லை. மேடை விளக்கில் யார் கரையைத் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள்? மிச்சத்தில் எனக்கு ஒரு பழைய பைக் வாங்கினேன். அப்பாவைக் கோயிலுக்கு உட்கார வைத்துக் கூட்டிப் போகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் அதில் இரண்டு தடவை ஏறியிருப்பார்.

விலைச்சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புடவையை அவள் மடியில் வைத்தேன். வைத்ததோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. கடையில் ஒப்பிப்பதை அப்படியே ஒப்பித்தேன். ஊடு நூலைக் குறுக்கே ஓட்டுவது நாடா; உடலுக்கு ஒன்று, கரைக்கு ரெண்டு, மொத்தம் மூன்று நாடா ஓடும். தறியில் ஒருத்தர் பத்தாது, ரெண்டு பேர் உட்கார வேண்டும். பத்துப் பதினைந்து நாள் ஆகும். பவர்லூம் என்றால் ஒரே நாளில் ஒன்றை இறக்கிவிடும். ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூலில் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் போட்டது. அவள் கண் அகலக் கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் தூக்கிப் பார்த்து, "லேசா கீதேண்ணா" என்றாள். "நல்ல பட்டுன்னா லேசாத்தான் இருக்கும்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது அந்த ஒரு வரிதான்.

இருபது வருஷம் ஓடிவிட்டது. அப்பா போய்விட்டார். பைக் காயலான் கடைக்குப் போனது. தங்கை எண்ணூரில் இருக்கிறாள், அவள் வீட்டுக்காரருக்கு ஃபைபர் படகு. போன வருஷம் படகின் என்ஜின் உட்கார்ந்துவிட்டது. ஒரு மாதமாக அவர் கரையில் சும்மா இருந்தார். சங்கிலி ஏற்கெனவே அடகுக் கடையில். வீட்டில் விலைபோகக் கூடியது ஒன்றுதான் பாக்கி என்று அவள் எனக்குப் போன் செய்தாள்.

"அந்தப் பட்ட போட்டுடலாம்ணா. ஜரிகைல வெள்ளி கீதுல்ல? என்ஜினுக்கு ஆவும். நீ கூட வந்தா எவனும் ஏமாத்த மாட்டான்."

என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. அன்று, பணம் நான் தருகிறேன், புடவை இருக்கட்டும் என்றுதான் சொல்லிப் பார்த்தேன். "உனுக்கே ரெண்டு பசங்க காலேஜு பீஸு கட்ட கீது, நீ சும்மா இருண்ணா" என்று போனை வைத்துவிட்டாள். மறுநாள் காலை சவுகார்பேட்டையில் பழைய பட்டு வாங்கும் ஒரு கடை வாசலில் அவள் நிற்க, பக்கத்தில் நான் நின்றேன். பழைய வேட்டியில் சுற்றி, குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி கொண்டுவந்திருந்தாள். ஜரிகை அங்கங்கே கருத்திருந்தது. "உப்புக் காத்து, அதான்" என்று கடைக்காரரிடம் அவளே சமாதானம் சொன்னாள்.

அவர் கரையைத் திருப்பினார். அவள் முந்திக்கொண்டாள். "நல்லா பாருங்க சார், கைத்தறி. மூணு நாடா. ரெண்டு பேரு குந்திக்கினு நெய்யணும். ஜரிகைய சொரண்டுனா செகப்பு நூலு வரும்." என்னுடைய வார்த்தைகள், ஒரு எழுத்து பிசகாமல். எனக்கு அங்கேயே நின்றுகொண்டு செத்துவிடலாம் போல இருந்தது.

கடைக்காரர் நகத்தால் ஓர் இழையைப் பிரித்தார். மேல் கம்பி உரிந்து வெள்ளை நூல் வந்தது. உரைகல்லில் தேய்த்து ஒரு சொட்டு அமிலம் விட்டார். "வெள்ளி இல்லம்மா. செம்புக் கம்பி" என்றார். பிறகு கரையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பச்சைக்குள் அரக்கு இழை ஓடிக்கொண்டிருந்தது. "மூணு நாடான்னா கரை தனிப் பச்சையா இருக்கும், சேர்ற எடத்துல கோத்த தடம் தெரியும். இது ஒரே ஊடு நூல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போயிருக்கு. பவர்லூம்." பூதக்கண்ணாடியை வைத்து இழை எண்ணினார். "அங்குலத்துக்கு இழையும் கம்மி. அதான் லேசா இருக்கு." கெட்ட மனிதர் இல்லை. பார்த்ததைச் சொன்னார். அவர் சொன்ன விலைக்கு என்ஜினுக்கு ஆயில்தான் வாங்கலாம்.

அவள் அழவில்லை. புடவையை வாங்கி, பழைய மடிப்பு மாறாமல் மடித்தாள். அதே வேட்டியில் சுற்றினாள். பிறகு அங்கேயே இரண்டு கம்மலையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். அடுத்த தெருவில் அவை விலைபோயின. காதில் விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டு என்னோடு பேருந்தில் ஏறினாள்.

திருவொற்றியூர் தாண்டும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. முப்பது வருஷம் பேசிப் பிழைத்த வாய். சொல்லிவிடலாம், இதோ இந்த நிறுத்தத்தில் சொல்லிவிடலாம் என்று நிறுத்தங்களை எண்ணிக்கொண்டே வந்தேன். கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பேருந்து நின்று நின்று போனது. அவள்தான் முதலில் பேசினாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுண்ணா. எல்லாம் தெரிஞ்ச உன்னையே ஏமாத்திக்கிறானுங்க பாரு. நம்பித்தான வாங்குன?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கோபத்தை அடக்குகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"மொதலாளி கைல சண்டைக்குப் போவாத, இன்னா? இந்த வயசுல வேல போச்சுன்னா பேஜாரு. எனுக்காக, போவாதண்ணா."

அவள் காதில் குச்சி இருந்தது. சரி, போகவில்லை என்று சொன்னேன்.