கடைசி செட்டில் இன்னொரு ரெப்

காலை ஐந்து மணி இருபது நிமிடம். மாடிப்படி ஏறியதும் முதலில் கண்ணில் பட்டவை எடை இயந்திரத்தின் மேல் இரண்டு வெறுங்கால்கள். ஜட்டியோடு நின்றிருந்தான். அரைஞாண் கயிற்றையும் கழற்றி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருந்தான். முள் அறுபத்தொன்பதைத் தாண்டி நின்றது. இறங்கினான், மறுபடி ஏறினான். முள் அதே இடத்துக்கு வந்தது.

"மிஷின் ரிப்பேரா இருக்கும் அண்ணா. நீ ஏறு பாக்கலாம்."

ஏறினேன். என் எடை சரியாகவே காட்டியது.

திருப்பதியில் சைக்கிள் கடைக்கு மேலே இருந்த ஜிம் அது. நான் அங்கே ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் வேலை பார்த்தேன். என்னோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக ஹைதராபாத்துக்கும் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்க்கொண்டிருந்த வருடங்கள். வாரத்துக்கு ஒரு வழியனுப்பு இருக்கும். நானும் இடமாற்றம் கேட்டுவிட்டு, பதில் வராத எரிச்சலை இரும்பின் மேல் காட்டிக்கொண்டிருந்தேன். எடை இயந்திரத்தில் நின்றவன் விஜயபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரன். அவனுடைய அப்பா காலம் வரை சொந்த நிலம் கிடையாது. பிச்சாட்டூரிலிருந்து திருப்பதிக்குக் காய்கறி வண்டி ஓட்டினான். வலுதூக்கலில் அறுபத்தேழரை கிலோ பிரிவு. கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், படுத்துத் தூக்கும் பெஞ்ச், தரையிலிருந்து எடுக்கும் டெட்லிஃப்ட் என்று மூன்று தூக்கல்கள் உள்ள போட்டி அது. ஹைதராபாத்தில் நடக்கவிருந்த, பிரியாத ஆந்திராவின் மாநிலப் போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு மனுப் போடலாம் என்று ஜிம்மை நடத்திய மாஸ்டர் சொல்லியிருந்தார். அன்றைக்குப் போட்டிக்கு ஆறு வாரம் இருந்தது. எடை ஒன்றரை கிலோ கூடுதல்.

காரணம் கிரியேட்டின் என்ற ஜிம் பொடி. பொங்கலுக்குச் சற்று முன்பு, குவைத்தில் டிரைவராக இருந்த அவன் அக்கா புருஷன் விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்த டப்பாக்கள். வெள்ளைப் பொடி, ருசி கிடையாது. பச்சைத் தண்ணீரில் சரியாகக் கரையாமல் டம்ளர் அடியில் மணல்போல் தங்கும். நாளைக்கு ஒரு சின்ன ஸ்பூன், ஐந்து கிராம். முதல் டப்பாவைத் திறந்த அன்று மாஸ்டர் அதை மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏம்ரா, இது துன்னா பலம் வந்துடும்னு நெனச்சுக்கினியா? பலம் கிலம் ஒண்ணும் வராது. மூச்சைப் புடிச்சு தூக்கற பத்து செகண்டுக்குச் சதைக்குள்ள சரக்கு வேணும். அது சீக்கிரம் ரொம்பும். ஒண்ணு ரெண்டு கூட அடிப்ப. அந்தக் கூட அடிச்சதுதான் பலம்."

பிறகு என் பக்கம் திரும்பினார். எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். "சாமிக்குத்தான் இது நல்லா வேலை செய்யும். கறி துன்றவனுக்கு இது கறியிலயே கொஞ்சம் போயிக்கினு இருக்கும்."

நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவன் பின்னால் நின்று எண்ணுவதுதான் என் வேலை.

எண்ணியதால் தெரியும். பொங்கல் சமயத்தில் நூற்றிருபது கிலோவில் ஸ்குவாட், நான்கு செட். மாஸ்டர் கேட்டது ஒவ்வொரு செட்டிலும் எட்டு ரெப், அதாவது நிறுத்தாமல் எட்டு முறை உட்கார்ந்து எழ வேண்டும். அவனுக்கு வந்தது எட்டு, எட்டு, ஏழு, ஆறு. பொடி ஆரம்பித்து மூன்று வாரம் வரை எதுவும் மாறவில்லை. நான்காவது வாரத்தில் மூன்றாவது செட்டில் எட்டு வந்தது, கடைசியில் ஏழு. ஒரு நாளைக்கு இரண்டு ரெப் கூடுதல், அவ்வளவே. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை. நான் மனக்கணக்குப் போட்டேன். இரண்டு ரெப்புக்கு இருநூற்று நாற்பது கிலோ. வாரத்தில் இரண்டு நாள் ஸ்குவாட். நான்கு மாதம் அப்படியே போனால் ஏழரை டன்னுக்கு மேல்.

"ஏழரை டன்னா?" என்றான். "என் வண்டில நாலஞ்சு லோடு அண்ணா. ஏத்துக்கூலி யார் குடுப்பா?"

கூலியாகக் கம்பியில் எடை ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் உடம்பிலும் எடை ஏறியது. ஜட்டியோடு எடை பார்த்த அன்று காலை மாஸ்டர் முள்ளைப் பார்த்துவிட்டு ஒரே வரியில் முடித்தார்: "கொழுப்பு இல்லடா, பெரும்பாலும் தண்ணி. அந்தப் பொடி சதைக்குள்ள தண்ணியைப் புடிச்சு வெச்சுக்கும்."

"அப்ப எழுபத்தஞ்சு கிலோ பிரிவுல நிக்கட்டா மாஸ்டர்?"

"நில்லு. அங்க போலீஸ்காரன் ஒருத்தன் இருக்கான். உன்னையும் கம்பியையும் சேத்துத் தூக்குவான்."

கடைசி நாளில் பட்டினி கிடந்து, வியர்த்து இறக்கவும் வழியில்லை. போட்டியில் எடை பார்த்த இரண்டு மணி நேரத்தில் தூக்க வேண்டும், அதற்குள் தெம்பு திரும்பாது. ஆகவே பொடியை அன்றே நிறுத்தினான். சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டான். சேர்ந்தது வடிய ஒரு மாதம், அதற்கு மேலும் ஆகலாம் என்றார் மாஸ்டர்.

அந்த நான்கு வாரமும் அவன் ஓரிடத்தில் உட்காரவில்லை. செட்டுக்கு நடுவே ஜன்னலுக்கும் படிக்கட்டுக்கும் நடந்தான். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. குவைத்திலிருந்து அக்கா புருஷன் இரண்டு நாளைக்கு ஒருமுறை சைக்கிள் கடை போனுக்கு அழைத்தார். இவனுக்கு அங்கே வீட்டு டிரைவர் விசா ரெடி. சென்னையில் மெடிக்கலுக்கு, விசாவுக்கான உடல் பரிசோதனைக்கு, தேதி கொடுத்தாகிவிட்டது. அதே தேதியில்தான் ஹைதராபாத்தில் இவனுடைய பிரிவுக்குப் போட்டி. ஏஜெண்ட் வேறு தேதி தரமாட்டான்.

"நைனா இன்னா சொல்றார்?" என்று அவன் அப்பாவைப் பற்றிக் கேட்டேன்.

"கப்பு துன்ன முடியுமான்னு கேக்கறார்."

நான்காவது வாரக் கடைசியில் முள் அறுபத்தேழரைக்குக் கீழே வந்தது. அதே காலையில் ஸ்குவாட்டில் நான் எண்ணியது எட்டு, எட்டு, ஏழு, ஆறு. கடைசி செட்டின் ஏழாவதில் பாதிக்கு மேல் எழ முடியவில்லை, நான் பின்னாலிருந்து கைகொடுத்தேன். கம்பியைத் தாங்கியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"போச்சு அண்ணா. எல்லாம் போச்சு. பொங்கலுக்கு எங்க இருந்தனோ அங்கியே வந்து நிக்கறேன். பொடி இருந்த வரைக்கும்தான் பவுசு. இன்னிக்கே போன் பண்ணி மெடிக்கலுக்கு வரேன்னு சொல்லிடறேன்."

மாஸ்டர் பக்கத்து பெஞ்சில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். "சொல்லு," என்றார். "சொல்றதுக்கு முன்னாடி கம்பில இருக்கற தட்டைக் கழட்டி வெச்சுட்டுப் போ. நான் உன் வேலைக்காரன் இல்ல."

எழுந்து கழற்றப் போனான். கம்பியின் ஓரத்துத் தட்டில் கை வைத்தவன் அப்படியே நின்றான்.

"அண்ணா, பொங்கலப்ப ஓரத்துல எந்தத் தட்டு?"

"பத்து," என்றேன். "ரெண்டு பக்கமும் பத்து."

"இது பதினஞ்சு."

"ஆமாம். நூத்தி முப்பது. ஆறு வாரமா நூத்தி முப்பதுதானே?"

எண்ணிக்கை மட்டும்தான் பழையது. பொடி கொடுத்த அந்த ஒன்றிரண்டு ரெப் பொடியோடு போயிருந்தது. அந்த ரெப்புகளால் தூக்கிச் சேர்த்த டன்களுக்குக் கிடைத்த கூலி, இரண்டு பக்கமும் ஐந்தைந்து கிலோவாக, கம்பியிலேயே இருந்தது.

மாஸ்டர் கடலைத் தோலை ஊதினார். "நாளையிலிருந்து கனம் ஏத்தறோம், ரெப் கம்மி. எட்டு எண்ணிக்கினு கெடக்கற காலம் முடிஞ்சது. இன்னாடா, போன் பண்ணப் போறியா?"

கீழே சைக்கிள் கடையில் போன் அடித்தது. அவன் படிக்கட்டு வரை போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான். பத்து நிமிடம் கழித்து வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"வாய்க்கு வந்தபடி திட்றார் அண்ணா. விசாவை வேற ஆளுக்குக் குடுத்துடுவாராம்."

"நீ இன்னா சொன்ன?"

"ஹைதராபாத் போறேன்னேன்."

ஹைதராபாத்தில் எடை பார்த்தபோது அவன் அறுபத்தேழு கிலோ முன்னூறு கிராம். பொடி தொடங்கும் முன் ஸ்குவாட்டில் அவன் அதிகபட்சம் நூற்று அறுபத்தைந்து. அன்று மூன்றாவது முயற்சியில் நூற்றெண்பது கேட்டான். உட்கார்ந்த இடத்தில் ஒரு நொடி அசையாமல் இருந்து, பிறகு எழுந்தான். தூக்கல் செல்லும் என்று நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்குகளும் எரிந்தன. பெஞ்சும் டெட்லிஃப்ட்டும் முடிந்து மொத்தம் கூட்டியபோது அவனுக்கு மூன்றாம் இடம்.

விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கான அறிவிப்பு அந்த வருடம் வரவில்லை.