LO என்று காட்டிய மாலை

மலைமேல் வடகவுஞ்சியில் தோட்டம் வைத்திருந்த என் அண்ணன், நாள் முழுக்க மழையில் நனைந்தபடி வேலை செய்துவிட்டு, நடுங்கிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றுவிட்டது, பேச்சு குழறியது. மதினி அவருடைய அக்குளில் டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்தார். பீப் ஒலித்த பிறகும் அது எண் எதுவும் காட்டாமல், சூடு அளவுக்கும் கீழே என்று பொருள்படும் LO என்றே காட்டியது.

"பேட்டரி போச்சு போல. நடுக்கந்தான் நின்னுருச்சே, தூங்கட்டும் விடு" என்றார் மதினி.

எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. புது பேட்டரி போட்டேன். ஜன்னலோரக் குளிரில் கிடந்த கருவி என்பதால், கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தேன். பிறகு அண்ணனின் ஈர அக்குளைத் துடைத்து, முனையை நடுவில் பதித்து, கையை விலாவோடு அழுத்திப் பிடித்தேன். மறுபடியும் LO.

கடைசியில் என் அக்குளில் வைத்துப் பார்த்தேன். 97.6 டிகிரி என்று சரியாகவே காட்டியது. அந்த எண்ணை மதினியிடம் நீட்டினேன்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு மதினி. அண்ணன் ஒடம்புலதான் சூடு இல்ல. நடுங்கக்கூடத் தெம்பில்லாமத்தான் நடுக்கம் நின்னுருக்கு. வெரசா ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க!"

ஈரத்துணியைக் களைந்து கம்பளிகளால் சுற்றினோம். ஆம்புலன்ஸ் மலைப்பாதையில் வளைந்து வளைந்து போக, அவர் மூச்சு மெலிந்துகொண்டே வந்தது. ஆஸ்பத்திரியில் எவ்வளவோ முயன்றார்கள். மறுநாள் விடியுமுன் அண்ணன் இறந்துவிட்டார்.

"மொதத் தடவையே நம்பியிருந்தா பொழச்சிருப்பாரா?" என்று மதினி டாக்டரிடம் கேட்டார்.

சொல்ல முடியாது என்றார் அவர். மதினி என் முகத்தைப் பார்த்தார். பேட்டரி மாற்றிக்கொண்டிருந்த நிமிடங்களை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.