நூறு என்ற சட்டை

பிராட்பேண்ட் இணைப்பு கொடுக்கும் வேலையில் எனக்கு அலுத்துப்போன புகார் ஒன்று உண்டு. திருத்துறைப்பூண்டி பக்கத்து விவசாயி ஒருவரும் அதையே சொன்னார்.

"நூறுன்னு சொல்லிக் குடுத்தீங்க. பொண்ணு கல்யாண வீடியோ எறங்குறப்ப பன்னெண்டுதான் காட்டுது."

வேகச் சோதனை போட்டேன். தொண்ணூற்றெட்டு வந்தது. அவர் நம்பவில்லை.

"கொள்முதல் நிலையத் தராசையே நம்ப மாட்டேன். வீட்டுல எடை போட்டுட்டுத்தான் மூட்டையை ஏத்துவேன். உங்க சோதனையை எப்படி நம்புறது?"

எத்தனையாவது முறையோ, ஆரம்பித்தேன். நாங்கள் விற்கும் நூறு, நொடிக்கு நூறு மெகாபிட். திரையில் தெரியும் பன்னிரண்டு, மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். பன்னிரண்டை எட்டால் பெருக்கினால் தொண்ணூற்றாறு. மீதி வழியில் போகிற சில்லறைச் சேதாரம்.

அவர் போனில் பெருக்கிப் பார்த்தார்; நூறை எட்டால் வகுத்தும் பார்த்தார். பிறகு என் சட்டை முதுகில் கம்பெனி அச்சடித்திருந்த பெரிய '100'ஐக் காட்டினார்.

"அப்ப இதுல பன்னெண்டரைன்னு போட வேண்டியதுதானே?"

எனக்கு எரிச்சல் வந்தது.

"போட்டிருந்தா வாங்கியிருப்பீங்களா?"



"மாட்டேன்," என்றார்.